பதினோரு நாள் ‘காலி இல்லை’

சாரம் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். ஐந்து பேர் நிரல் எழுதுகிறோம். ஆறாவது ஆள், கடிதங்களையும் எங்களையும் ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக்கார அம்மா. எல்லோருக்கும் அவர் மதாம்.

மதாமின் ஒரே மகள் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தாள். தலைப்பிரசவம், துணைக்கு யாருமில்லை. போகலாம் என்று பார்த்தால் மதாமின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்கப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும், அதற்கு முன்பே இணையத்தில் நேரம் பதிவு செய்ய வேண்டும். எப்போதாவது நாலு இடம் திறக்கும், பத்து நிமிடத்தில் பறந்துவிடும். மதாம் வேலைக்கு நடுவே மணிக்கு நான்கு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மூடுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரக்கம் பாதி, என் திறமையைக் காட்டும் ஆசை பாதி. பிரவுசரைத் தானாகத் திறந்து, ‘நேரம் தேர்வு செய்க’ என்ற பொத்தான் வந்திருக்கிறதா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். பொத்தான் இருந்தால் எங்கள் இருவர் போனுக்கும் செய்தி வரும். இல்லாவிட்டால் ‘காலி இல்லை’ என்று எழுதி வைக்கும். என் லேப்டாப்பில் அழகாக ஓடியது. முதல் நாளே ஓர் இடம் திறந்து செய்தியும் வந்தது. மதாம் விவரங்களை நிரப்பி முடிப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஆனால் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தால் ஸ்கிரிப்ட்டும் தூங்கிவிடும். அதனால் நாங்கள் வாடகைக்கு வைத்திருந்த கிளவுட் சர்வரில் ஏற்றினேன். அங்கே திரை கிடையாது. பிரவுசர் திறக்கவே மறுத்தது. திரையில்லாமல் ஓடு என்று ஒரு வரி சேர்த்ததும் ஓடியது. ‘காலி இல்லை’ என்று எழுதியது. அந்த நேரத்தில் லேப்டாப்பும் அதையேதான் சொன்னது. இரண்டும் ஒன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். மதாம் மறுபடி பக்கத்தைத் திறந்தபோது, “நீங்க பாக்காதீங்க மதாம். அது பாத்துக்கும்” என்றேன். பெரிய மனிதன் தோரணையில்தான் சொன்னேன். அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார். காலையில் வந்ததும் என்னைக் கேட்பார். நான் சர்வர் எழுதியதைப் பார்த்து, “இன்னும் இல்ல மதாம்” என்பேன். பதினோரு நாள் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் காலை குருசுக்குப்பத்திலிருந்து அவருடைய சித்தி மகள் போன் செய்தாள். போன வாரம் இரண்டு முறை இடம் திறந்ததாம். போனிலேயே பார்த்துத் தன் பாஸ்போர்ட்டுக்குப் பதிவு செய்துவிட்டாளாம். மதாம் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சர்வரில் இருக்கும் பிரவுசர் எதைப் பார்க்கிறது என்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அதில் நேரமும் இல்லை, பொத்தானும் இல்லை. ‘நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்கிறோம்’ என்று ஒரு வெள்ளைப் பக்கம். என் லேப்டாப் வீட்டு இணைப்பு வழியாக, திரையோடு, சாதாரண ஆள்போலப் போயிருந்தது. சர்வரோ இயந்திரங்கள் மட்டுமே குடியிருக்கும் முகவரியிலிருந்து, திரையில்லாத பிரவுசரோடு போனது. தளத்தின் காவல் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அது தளத்தின் குற்றமில்லை. பொத்தான் இல்லையென்றால் இடமில்லை என்று எழுதச் சொன்னவன் நான். உள்ளே போனோமா என்று கேட்க ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதைத்தான் புதிதாக வரும் பிள்ளைகளிடம் பாடமாக ஓதுவேன். வெட்கக்கேடு.

மதாமிடம் போய், சர்வரை அந்தத் தளம் உள்ளே விடவில்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் எங்கே தப்பு, யார் தப்பு என்பதை முழுப் பூசணிக்காயாகச் சோற்றில் மறைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு, மறுபடி கையாலேயே பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து ஒன்பதாம் நாள் இடம் கிடைத்தது. விண்ணப்பம் கொடுத்தார். பாஸ்போர்ட் வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் வீடியோ அழைப்பு. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியாக இருந்தாள். பிரசவ அறையில் யாருடைய கையைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை, நர்சின் கையைப் பிடித்தேன் என்று அழுதாள். மதாமும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை என் பக்கம் திருப்பினார்.

“இவர்தான்டி அந்தத் தம்பி. எனக்காக எவ்ளோ பாத்தாரு தெரியுமா. மிஷினையே உள்ள விடலயாம், அவர் என்ன பண்ணுவாரு, பாவம்.”

அந்தப் பெண் களைத்த முகத்தோடு சிரித்தாள். “மெர்சி அண்ணா” என்று நன்றி சொன்னாள்.

தப்பு என்னுடையது என்று சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன்.

“பரவால்லம்மா” என்றேன்.