காலுக்கு எட்டு, தரைக்குப் பதினான்கு

பாளையங்கோட்டையில் ஒரு நீள வராந்தாவின் கோடியில் எங்கள் ஸ்டுடியோ. எட்டுப் பேர் கணினி முன் உட்கார்ந்து பொம்மைகளை நடக்க வைக்கிறோம். அனிமேஷன் என்றால் சொந்தக்காரர்களுக்குக் கல்யாண வீடியோவில் பூ விழுவதுதான். அவர்களுக்கு விளக்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

போன வருடம் முதல் முறையாக ஒரு பாத்திரம் முழுசாக என் கைக்கு வந்தது. எண்பது வயதுக் கிழவர். வாசலிலிருந்து நாற்காலி வரை நடந்து வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறை அனுப்பினேன். சென்னையிலிருந்த இயக்குநர் இரண்டு முறையும் திருப்பிவிட்டார். ‘இவருக்கு வயதாகவில்லை, தூக்கம் வருகிறது’ என்று எழுதியிருந்தார். மூன்றாவதும் தேறாவிட்டால் கிழவர் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார் என்றும் சேர்த்திருந்தார்.

நான் செய்திருந்தது இதுதான். வாலிபன் நடக்கும்போது ஓர் எட்டு எடுத்து வைக்கப் பன்னிரண்டு ஃபிரேம். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு ஃபிரேம் என்றால் அரை நொடி. அதை அப்படியே இருபத்துநான்காக இழுத்துவிட்டேன். இடுப்பை வளைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு கையையும் கட்டிவிட்டேன். பள்ளிக்கூட நாடகத்தில் பவுடர் பூசி நரைத்த கிழவன் தோற்றான்!

எனக்கு எதிரே, வராந்தாவைப் பார்த்தபடி உட்காரும் சக அனிமேட்டர் ஒருத்தி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், வேலையில் என்னைவிடப் பெரியவள். இதை இப்போது எழுதுகிறேன். அன்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அவள் என் காட்சியை ஒரே ஒருமுறை பார்த்தாள்.

“அண்ணாச்சி, உங்க ஆளு ஆத்துல இடுப்பளவு தண்ணியில நடக்காரு. தூக்குன கால் எறங்கவே மாட்டேங்கே.”

“கிழவர்னா மெதுவாத்தான நடப்பாரு?”

“நடைதான் மெதுவு, கால் இல்ல. ஒத்தக்கால்ல நிக்கப் பயந்தவரு காலை அந்தரத்துல வச்சுக்கிட்டா இருப்பாரு? வெரசா கீழ வச்சிருவாரு. ரெண்டு காலும் தரையில இருக்கும்போதுதான் நேரம் எடுப்பாரு.”

எனக்கு மூக்கறுபட்ட மாதிரி இருந்தது. என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து ஒரு தாளை என் மேஜையில் வைத்தாள். ‘காலுக்கு எட்டு ஃபிரேம், தரைக்குப் பதினான்கு. மூன்றாவது எட்டில் மட்டும் தரைக்கு இருபது. வளைவு இடுப்பில் இல்லை, மேல்முதுகில். கழுத்து முன்னால், பார்க்க வேண்டியதால் மோவாய் மேலே. முட்டி முழுசாக நிமிராது. பாதம் தரையை ஒட்டியே போகும். வாசலில் வலது புறங்கை சுவரைத் தொடும். திரும்புவதற்கு நான்கு சின்ன எட்டு. உட்காருமுன் புறங்கையால் நாற்காலியைத் தொட்டுப் பார்ப்பார்.’ எங்கே பார்த்தாள் என்று கேட்க என் வீம்பு விடவில்லை. பழையதை அழித்துவிட்டு, அவள் எண்களை வைத்து முதலிலிருந்து செய்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் முழுக் காட்சியையும் ஓடவிட்டேன். கிழவர் வாசலில் நின்றார். வலது புறங்கை சுவரைத் தொட்டது. இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவதில் கொஞ்சம் கூடுதலாக நின்றார், பிறகு நடந்தார். அந்த நிற்றலில் களைப்பு இல்லை. அடுத்த எட்டைத் தீர்மானிக்கும் ஒரு மனிதனின் கவனம் இருந்தது. எதிர் மேஜைக்குப் போய், “இந்த ஆளு உனக்குத்தான் சொந்தம்” என்றேன். அவள் சிரித்தாள்.

“எனக்கு எதுக்கு? உங்களுக்குச் சொந்தம்தான.”

புரியாமல் நின்றேன். அப்போது மணி ஒன்று. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு தேய்ப்பு, நீண்ட இடைவெளி. ஒரு தேய்ப்பு, இடைவெளி. மூன்றாவதில் இன்னும் நீண்ட இடைவெளி. மூன்று நாளாக நான் எண்ணிக்கொண்டிருந்த கணக்கு அது.

அப்பா. ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க், வயது எழுபத்தெட்டு. வேண்டாமென்றாலும் கேட்காமல் தினமும் டவுன் பஸ் ஏறி எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். என் முதுகு வராந்தாவுக்கு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘அங்கன வைங்கப்பா’ என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். கிழவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று இணையம் முழுக்கத் தேடியவன் நான்தான்.

அன்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்று, புறங்கையால் சுவரைத் தொட்டு, மோவாயை உயர்த்தி என்னைத் தேடினார். ஓடிப்போய்த் தூக்குச்சட்டியை வாங்கப் போனேன். அவள் கண்ணாலேயே தடுத்தாள். அவராகவே வந்தார். நான்கு சின்ன எட்டில் திரும்பி, நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தார்.

“அந்தப் பிள்ளை எங்கிட்ட கேட்டுட்டுத்தாம்லே என் நடையப் பார்த்தா” என்றார் அப்பா. “காட்டு பாப்போம், ஒன் கெழவன் இப்பமாவது ஒழுங்கா நடக்கானா?”