அளந்தால் சமம்

என் சின்னம்மா பெயர்ப்பலகை வடிவமைக்கிறவள். இந்த முறை என் அப்பாவின் துணிக்கடைக்கு. 'துளிர்', பக்கத்தில் THULIR. "ரெண்டும் ஒரே உயரம் இருக்கணும், டேப் வெச்சு அளப்பேன்" என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

அப்படியே காகிதத்தில் அச்சடித்துக் கடை முகப்பில் ஒட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். பகீரென்றது. மேலே வளைவும் புள்ளியும், கீழே வாலும் உயரத்தைத் தின்றுவிட, தமிழ் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. ஆங்கிலம் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

சாயங்காலம் பட்டறையில் பலகைக்கான எழுத்துகளை வெட்டிவிடுவார்கள். அப்பாவுக்குப் புரியவைப்பதைவிடச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். வாயே திறக்காமல் தமிழை மட்டும் பெரிதாக்கினாள். வளைவையும் வாலையும் கணக்கில் சேர்க்காமல், எழுத்தின் உடம்பை ஆங்கிலத்துக்குக் கொஞ்சமே குறைவாக வைத்து, கோட்டின் தடிமனையும் பொருத்தினாள்.

மறுநாள் பலகை ஏறியது. அப்பா எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"பார்த்தியாம்மா? அளந்து போட்டதாலதான் ரெண்டும் சரிசமமா நிக்குது!"

"ஆமா அத்தான்" என்றாள். கடையில் இருந்த ஒரே டேப் காலையிலிருந்து அவள் கைப்பையில் இருந்தது.