நாலு நடைக்கு ஒரு விளக்கம்

நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், ஆடிட்டருக்கு எழுதிய விளக்கக் குறிப்பைத்தான் சொல்வேன். ஒன்றரைப் பக்கம்தான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதன் அருமை எனக்குத் தெரியும்.

ஜெயங்கொண்டத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான ஒரு பகல்நேர மையத்தில் நான் கணக்காளர். ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிற மையம். சென்னையில் இருக்கும் ஒரு நிதி நிறுவனம் ஆண்டுதோறும் பணம் தருகிறது; எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவு செய்யலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் தருவார்கள். ஒரு தலைப்பில் பத்து சதவீதம் வரை கூடினால் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போவதென்றால் போவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிவர இரண்டு வாடகை வேன்கள். ஒன்று டவுனைச் சுற்றும். இன்னொன்று மீன்சுருட்டிக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போகும்.

அந்த ஆண்டு 'வாகன வாடகை' என்ற தலைப்பு ஒதுக்கியதைத் தாண்டி ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாக ஓடிவிட்டது. பயிற்சித் தலைப்பில் மிச்சம் இருந்ததால் பணம் முட்டவில்லை, மொத்தச் செலவும் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் ஒரு தலைப்பின் மிச்சத்தை இன்னொன்றில் போட அனுமதி வாங்கவில்லை. வருடக் கடைசியில் திருச்சியிலிருந்து வந்த ஆடிட்டர் மேடம் அந்த வரியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்கு எழுத்துல விளக்கம் வேணும். ஏன் கூடுச்சு, இனிமே கூடாம இருக்க என்ன செய்யப் போறீங்க, ரெண்டும் வேணும். சரியான காரணம் இல்லன்னா கூடுதலா ஆன தொகையை ஏத்துக்க முடியாதுன்னு ரிப்போர்ட்ல எழுத வேண்டி வரும்" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்படி எழுதினால் சென்னைக்காரர்கள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். எங்களிடம் திருப்பிக் கொடுக்க ஒன்றும் கிடையாது.

எங்கள் செயலர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வரதராசன்பேட்டைப் பக்கம். தங்கமான மனிதர். ஆடிட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே பாவமன்னிப்புக்குப் போகிற முகம் வந்துவிடும் அவருக்கு.

"டீசல் விலை ஏறிப்போச்சுன்னு ஒரு வரி எழுதிப் போடும்மா. யாரு கேக்கப் போறா?"

"கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வருசம் பூரா ஒரே ரேட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கோம் சார். டீசல் ஏறுனா வண்டிக்காரருக்குத்தான் அடி, நமக்கு இல்ல. அந்த ஒப்பந்தம் அவங்க மேசையிலதான் இருக்கு."

"அப்ப பாதி பில்லைப் பயிற்சிச் செலவுல தூக்கிப் போட்டுடேன். அங்கதான் மிச்சம் கெடக்கே."

"பயிற்சிக்கு வந்தவங்க கையெழுத்தைக் காட்டுன்னா, வேனையா கையெழுத்துப் போடச் சொல்றது?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரி, மீன்சுருட்டி வண்டியை நிறுத்திப்புடுவோம். அந்த ரூட்டுலதானே கூடுது. நிறுத்திட்டோம்னு எழுது. அதவிட நடவடிக்கை என்ன வேணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த வண்டியில் எட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வண்டி நின்றால் அவர்கள் மறுபடியும் வீட்டுக்குள்தான். வந்தபோது கழுத்து நிற்காத பிள்ளை ஒன்று அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தது. செலவு கூடுகிறது என்று நான் வருடத்தின் நடுவிலேயே செயலரிடம் சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம்" என்றார். வாயால் சொன்னதற்கு வவுச்சர் கிடையாது, என்ன செய்ய? "ரெண்டு நாள் குடுங்க சார், நான் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

செலவு எதனால் கூடியது என்று எங்கள் மையத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்றுதான் திட்டத்தில் இருந்தது. ஓடியதோ நாலு நடை. காலையில் தாய்மார்கள் பிள்ளைகளோடு வண்டியில் வருவார்கள், பிள்ளைகளை விட்டதும் அதே வண்டி அவர்களை ஊருக்குக் கொண்டுபோய் விடும். மாலையில் மறுபடியும் அவர்களை ஏற்றிவந்து பிள்ளைகளோடு கூட்டிப்போகும். திட்டம் எழுதியவர்கள் தாய்மார்கள் நாள் முழுக்க மையத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிவிட்டார்கள். டவுன் பிள்ளைகளின் அம்மாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். கிராமத்து அம்மாக்கள் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு.

இது மட்டும் தெரிந்தால் குறிப்புக்குப் போதாது. இனி என்ன செய்வோம் என்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் மறுநாள் காலை காலி வண்டியில் ஏறி மீன்சுருட்டிப் பக்கம் போனேன்.

போகும்போது டிரைவர் அண்ணன் முந்திரித் தோப்புகளைக் காட்டி விலை நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. திரும்பும்போது வண்டி நிறைந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாய், மடியில் பிடித்தபடி. வலிப்பு வருகிற பையனின் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்க்கா, நீங்க வராம புள்ளைய மட்டும் அனுப்பினா என்ன?"

"வழியில இழுத்துச்சுன்னா யாருங்க புடிப்பா? டிரைவரு வண்டியப் பாப்பாரா, இவனப் பாப்பாரா?"

"திரும்பிப் போறதுக்காவது பஸ்ஸு இருக்கே, காசு கூட வேணாமே."

"இருக்குங்க. அது நம்மூருக்கு வந்து சேர்றதுக்குள்ள நூறு நாள் வேலையில போட்டோ புடிச்சு முடிச்சிருவாங்க. போட்டோவுல இல்லன்னா அன்னிக்கு ஆப்சென்ட். மத்த நாளுல முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போறோம், அங்கயும் நேரத்துக்குப் போவலன்னா வேற ஆளு ஒக்காந்துரும்."

அந்த நேரத்தில் எதிர் சீட்டில் ஒரு சிறுமி வாந்தி எடுத்தாள். அவளுடைய அம்மா துணி தேடுவதற்குள் இந்த அக்கா ஒரு கையால் தன் மகனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தச் சிறுமியின் தலையைத் தாங்கிவிட்டாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தினமும் நடப்பதுதான். எனக்கு மட்டும் மண்டையில் விளக்கெரிந்தது. எட்டுப் பிள்ளைகளைப் பிடிக்க எட்டுத் தாய் எதற்கு?

மையத்துக்கு வந்ததும் இயன்முறை மருத்துவரிடம் ஓடினேன். சீட்டில் சரியான பெல்ட் போட்டு, வலிப்புக்கு முதலுதவி பழகிய இரண்டு பெண்கள் கூட வந்தால் போதும் என்றார். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தேன். இரண்டு பேருக்குக் காலை மாலை வேலைக்கான சம்பளம், பெல்ட் செலவு எல்லாம் சேர்த்தும், கூடுதலாக ஓடும் இரண்டு நடைகளின் வாடகையில் பாதியைத் தொடவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே விடைதான். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

குறிப்பை எழுத உட்கார்ந்தேன். ஒதுக்கியது, செலவானது, வித்தியாசம் என்று முதலில் மூன்று வரி. அடுத்து காரணம். பெரும்பகுதி தாய்மார்களுக்கான கூடுதல் நடை. கொஞ்சம், வழியில் பாலம் வேலை நடந்தபோது சுற்றிப்போன தூரம். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகத் தொகை பிரித்தேன். வண்டி ஓடிய நடைகளைக் குறிக்கும் டிரிப் ஷீட், மீட்டர் அளவு, தாய்மார்கள் ஏறி இறங்கிய கையெழுத்து எல்லாவற்றையும் இணைப்பாக வைத்தேன். பாலம் வேலை முடிந்துவிட்டது, அந்தச் செலவு இனி வராது என்றும் சொன்னேன்.

நடவடிக்கை என்ற பகுதியில், வண்டி உதவியாளர்கள் இருவரை எந்த மாதம் முதல் நியமிப்போம், யார் பொறுப்பு என்று எழுதினேன். இனி மாதாமாதம் ஒவ்வொரு தலைப்பிலும் செலவையும் ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிர்வாகக் குழுவுக்குத் தருவேன், எண்பது சதவீதத்தைத் தொட்டாலே செயலர் நிதி நிறுவனத்துக்கு எழுதி அனுமதி கேட்பார் என்றும் எழுதினேன். 'முயற்சி செய்வோம்', 'கவனத்தில் கொள்வோம்' என்று ஒரு வரிகூட இல்லை. அந்த மாதிரி வரிகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செயலர் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். "முன் அனுமதி பெறாதது நிர்வாகத்தின் தவறு" என்ற வரி.

"இது வேணுமாம்மா?"

"வேணும் சார். நாம சொல்லலன்னா அவங்க சொல்லுவாங்க. அவங்க சொன்னா வேற மாதிரி இருக்கும்."

அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காக அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை ஒரு படி ஏறியது.

ஆடிட்டர் மேடம் குறிப்பை இரண்டு முறை படித்தார். மீட்டர் அளவுகளைச் சரிபார்த்தார். பஸ்ஸைப் பற்றி அவரும் கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. நூறு நாள் வேலை வருடம் முழுக்க இல்லையே என்றார், முந்திரிக்கொட்டையைச் சொன்னேன். கடைசியில் ரிப்போர்ட்டில் அனுமதி வாங்காததைக் குறிப்பிட்டு, செலவு உண்மையானது, ஆதாரம் உள்ளது என்றும் எழுதி, எங்கள் குறிப்பை அப்படியே பின்னிணைப்பாகச் சேர்த்தார். சென்னையிலிருந்து கேள்வி வந்தது, பதில் போனது, கடைசியில், ஆகிவிட்ட செலவை ஏற்றுக்கொள்வதாக முறையான ஆணையே வந்தது. பணம் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் 'வண்டி உதவியாளர் சம்பளம்' என்று ஒரு புதுத் தலைப்பும் வந்தது. அந்தத் தலைப்பு நான் பெற்ற பிள்ளை.

உதவியாளர்களில் ஒருத்தி அந்த வலிப்புப் பையனின் அம்மாவேதான். இப்போது எட்டு அல்ல, பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். தாய்மார் உட்கார்ந்த இடத்தில் பிள்ளைகள்.

அடுத்த ஆண்டு தணிக்கைக்கு நான் தயாரான மாதிரி என் கல்யாணத்துக்குக்கூடத் தயாரானதில்லை. வாகன ஃபைலை மேலே வைத்தேன். மாத அறிக்கை பன்னிரண்டும் வரிசையாக. மேடம் அந்தப் பக்கத்துக்கு வந்தார், ஒதுக்கீட்டைப் பார்த்தார், செலவைப் பார்த்தார், டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், வாகன வாடகை..."

"அதுக்கென்ன? சரியாத்தானே இருக்கு. கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார், தலை நிமிராமல்.

எழுந்து வாசலுக்கு வந்தேன். மீன்சுருட்டி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே அந்த அக்கா ஒவ்வொரு பிள்ளையாகப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஆபீசர் ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள் ஜன்னல் வழியாக. ஒண்ணுமே கேக்கல என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுதுவிட்டேன்.