மேல்மாடி இருக்க ஒரு வாடகை

ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் சொந்தக் கடை போட்டவன் நான். கல்யாணமான மகளுக்கு முதல் மாதச் செலவைப் பிரித்துக்கொடுக்க என்னை விட்டால் யார் உண்டு? அவளுக்கு ஆசிரியைச் சம்பளம். மருமகனுக்கு த்ரீவீல் ஆட்டோ ஓட்டம். ஒரு மாதம் கொட்டும், மறுமாதம் காயும்.

“கட்டாயச் செலவெல்லாம் சம்பளத்துக்குள்ள அடங்கணும். ஓட்டக் காசு வந்தா சேமிப்பு” என்றேன்.

“அப்படித்தான் போட்டோம் மாமா. சாப்பாடு, கரண்ட், தண்ணி, வாடகை...”

“வாடகையா? மேல்மாடிய உங்களுக்குத்தானே கட்டினேன்!”

மகள் நிமிரவில்லை. “கண்டியில வீடு பாத்து அட்வான்ஸும் குடுத்துட்டோம்பா. இங்க இருந்தா எங்க காசையும் நீங்கதான் பிரிப்பீங்க.”

என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். கணக்கு மட்டும் நான் சொன்னபடியே சம்பளத்துக்குள் அடங்கியிருந்தது.