ஓரமாக நிறுத்தச் சொன்ன முதலாளி

திருப்புலிவனத்தில் நெல் போடுகிற நான், மனைவியின் தம்பியான மச்சான் பேச்சைக் கேட்டு ஒரு விசைப்படகு வாங்கினேன். படகு சென்னைத் துறைமுகத்தில் இருந்தது. மச்சான் அதைப் பார்த்துக்கொண்டான். நான் ஊரில் இருந்தபடியே மீன் வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை வரப்பில் நிற்கும்போது படகின் டிரைவர் கடலிலிருந்து போன் செய்தார். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"மொதலாளி, இன்ஜின் நின்னு போச்சு. தண்ணி பம்பு புட்டுக்கினு இன்ஜின் சூடாயி இறுகிப் பூட்டிக்கிச்சு."

டிராக்டர் வைத்திருப்பவனுக்குத் தெரியாத இன்ஜினா? "பதறாதப்பா. ஓரமா நிறுத்திட்டு, தண்ணி ஊத்தி ஆற வை."



"எந்த ஓரம் மொதலாளி? கரை கண்ணுக்கே தெரியல. நங்கூரம் போட்டுக்கினு கீறோம். வயர்லெஸ்லயும் சொல்லிக்கினே கீறேன். நீங்க மீன்வளத்துறை ஆபீசுக்கு சொல்லுங்க. இடத்த சொல்றேன், எழுதிக்குங்க."

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை காலி உரச்சாக்கின் மேல் எழுதி, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஆபீசில் ஒரு அலுவலர் போனை எடுத்தார். எண்களைச் சரியாகத்தான் சொன்னேன். படகின் பதிவெண் கேட்டார். மூட்டை மூட்டையாகப் பத்திரம் வைத்திருக்கும் பீரோவைத் துழாவி அதையும் சொன்னேன்.

"படகுல எத்தனை பேர் சார்?"

"அஞ்சு பேரு."

"கடலுக்குப் போக வாங்கின டோக்கன்ல ஆறு பேர்னு இருக்கே. அந்த ஆறாவது ஆள் யாரு?"

ஆறாவது ஆளா, எனக்குத் தெரியாது என்று கம்பீரமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மனைவி போனைப் பிடுங்கினாள்.

"சார், ஆறாவது ஆளு என் தம்பி. ஆறு பேருதான்." பிறகு என்னைப் பார்த்தாள். "நேத்து உன்னாண்ட சொல்லிட்டுத்தானே போனான்? என் தம்பிய உனக்கு எண்ணக்கூட தோணல, இல்ல?"

அலுவலர் கடலோரக் காவல்படைக்குத் தகவல் கொடுத்தார். அருகில் இருந்த படகுகளுக்கும் வயர்லெஸ்ஸில் சொல்லப்பட்டது. மதியம் ஒரு படகு போய்க் கயிறு கட்டி இழுத்தது. நாங்கள் இருவரும் பஸ் மாறித் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது, ஆறு பேரும் வெயிலில் கறுத்து, பசியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி எண்ணிப் பார்த்தாள்.

மறுநாள் ஆபீசில் அறிக்கை கேட்டார்கள். பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் "எதிர்பாராதது" என்று அழகாக எழுதினேன். சாட்சியாகக் கையெழுத்துப் போட வந்த டிரைவர் அதைப் படித்துவிட்டு பேனாவை மூடினார்.

"பம்பு ஒழுவுது, மாத்திடலாம்னு உங்களாண்ட ரெண்டு தபா சொன்னேன். நாங்க எதிர்பாத்துக்கினுதான் போனோம் மொதலாளி. நீங்கதான் எதிர்பாக்கல."

அலுவலர் தலை குனிந்து ஏதோ ஃபைலில் மும்முரமானார். கூட வந்திருந்த மச்சான் ஜன்னலைப் பார்த்தான். நான் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, "உரிமையாளர் பம்பை மாற்றவில்லை" என்று எழுதினேன். டிரைவர் நிதானமாக ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.