நோட்டில் ஏறாத திராட்சை

எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகிறது. மாத்திரையைத் தவறவிட்டதில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு, காபிக்கு முன்னால், விரலில் குத்திக் கருவியில் பார்த்து நோட்டில் எழுதுவேன். 121, 126, 118. மூன்று நோட்டு நிறைந்துவிட்டது.

அதனால், சின்னமனூர் டாக்டரம்மா புதிதாக ஒரு சோதனை எழுதிக் கொடுத்தபோது நான் பயப்படவில்லை. வெறும் வயிற்றோடு போய் நின்றேன். "இதுக்குப் பட்டினி கெடக்க வேணாம் சார். சாப்ட்டே வந்திருக்கலாம்" என்றாள் ரத்தம் எடுத்த பெண். சாப்பிட்டாலும் மாறாத சர்க்கரைச் சோதனையா என்று எனக்கு அப்போதே ஒரு நெருடல்.

மாலையில் தாள் வந்தது. எச்பிஏ1சி 8.2. அதன் கீழே, சராசரி குளுக்கோஸ் 189.

நான் மூன்று நோட்டையும் டாக்டரம்மாவின் மேசையில் வைத்தேன். "லேப்ல தப்பு நடந்திருக்கு, டாக்டர்."

அவர் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். "உங்க நோட்டு தப்பில்ல. ஆனா எல்லாமே காலை அஞ்சரை மணி. மிச்ச நேரம் எங்க? ரத்தத்துல ஓடுற சர்க்கரை சிவப்பணுவுல ஒட்டிக்கும். ஒட்டுனா, அந்த அணு சாகுற வரைக்கும் விடாது. அணுவுக்கு மூணு நாலு மாச ஆயுசு. அதனால இந்த எண் கடைசி ரெண்டு மூணு மாசத்துல, ராத்திரி பகல் எல்லா நேரத்துக்குமான சராசரி. ரத்தசோகை மாதிரி ஏதாச்சும் இருந்தா இது ஏமாத்தும். உங்களுக்கு அதுவும் இல்ல."

மாத்திரையை மாற்றவில்லை. மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்றார். ஊசி மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினேன். தினமும் விரலில் குத்திக்கொள்கிறவனுக்கு ஊசி என்றால் என்ன பயம் என்று, கூட வந்திருந்த என் மனைவி பஸ்ஸில் ராயப்பன்பட்டி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு நான் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களிலிருந்து வீடு திரும்பியபோது, அவள் கருவியோடு வாசலில் நின்றாள்.

"விரல நீட்டுங்க."

392.

"கையில திராட்சைச் சாறு ஒட்டிருக்கு. அதையும் சேத்துக் காட்டுது" என்றேன். அது உண்மைதான். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலை நீட்டினேன்.

244.

"இப்ப என்ன, சோப்புல சர்க்கரையா?" என்றாள். "காலையில மூணு இட்லி தான தின்னீக? வேறென்ன தின்னீக?"

"ஒண்ணும் திங்கல. தோட்டத்துல ருசி பாத்தேன்."

திராட்சை வியாபாரத்தில் ருசி பார்ப்பது சாப்பாடு இல்லை, வேலை. பன்னீர்த் திராட்சையில் குலையின் நுனிப்பழம் கடைசியில்தான் இனிக்கும். அதைத் தின்று பார்த்துத்தான் வெட்டலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று சொல்லுவோம். பந்தலுக்குப் பத்துப் பழம், ஒரு நாளைக்கு எட்டுப் பந்தலாவது இருக்கும். இருபது வருடமாக அதை நான் எண்ணியதில்லை. அன்றைக்குத்தான் அவள் முன்னால் விரல்விட்டு எண்ணினேன். எண்பதுக்குக் குறையவில்லை.

"எம்பது பழம் தின்னுட்டு ஒண்ணும் திங்கலங்கிறாக!" என்று அவள் அடுப்படிக்குச் சிரித்துக்கொண்டே போனாள்.

வேலையை விட முடியாது. அதனால் இனிப்பு பார்க்கும் ஒரு கருவியை வாங்கினேன். குழல் மாதிரி இருக்கும். கண்ணாடி முகப்பில் ஒரு சொட்டுச் சாறு பிழிந்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தால் எண் தெரியும். முதல் நாள் தோட்டக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னண்ணே, நாக்க வீட்லயே கழட்டி வச்சுட்டு வந்துட்டீகளா?"

"பதினாறு காட்டுது. வெட்டலாம்."

அவர் நம்பாமல் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். "அட, சரியாத்தான்ணே சொல்லுது!"

நோட்டிலும் ஒரு பத்தி கூட்டினேன்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. முதல் வாரம் 203, 190. ஒரு மாதம் கழித்து 158. மத்தியானச் சோற்றை மனைவி ஒரு கரண்டி குறைத்தாள். கேட்டால் "அதே அளவுதான்" என்று சாதித்தாள்.

மூன்று மாதம் முடிந்த மறுநாளே மனைவியோடு போனேன். இந்த முறை தோசை தின்றுவிட்டு.

7.1. சராசரி 157.

டாக்டரம்மா அதைப் பேனாவால் வட்டமிட்டார். "ஊசி வேணாம். இன்னும் கொஞ்சம் இறக்கலாம். இப்படியே போங்க." நான் எழுந்து கும்பிட்டேன். மனைவியோ நாற்காலியைவிட்டு எழவே இல்லை. "அந்த எண்ண இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பைக்குள்ளிருந்து ஒரு திராட்சைக் குலையை எடுத்தாள். நிதானமாகத் தின்றாள். பிறகு என் உள்ளங்கையில் பழங்களை எண்ணி வைத்தாள்.

ஐந்து. பஸ் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அப்போதே நோட்டில் எழுதினேன்.