சங்கரலிங்கம் என்று பெயர் வைத்தவர்

திங்கட்கிழமை காலை அச்சுக்கூடத்தில் இயந்திரத்தின் சக்கரம் சுற்றவில்லை. சுற்றுகிற ஆள் வரவில்லை என்று மானேஜர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு ஒருவன் வந்து வாசற்படிக்குக் கீழேயே நின்றான். சக்கரம் சுற்றுகிற இசக்கிமுத்துவின் மைத்துனன். "அத்தான் போயிட்டாக" என்றான். "வெள்ளிக்கிழமை காய்ச்சல் கண்டுது. நேத்து மத்தியானம் கண்ணு தொறக்கல." சம்பளத்தில் ஒரு நாள் பிடிப்பார்களா என்று அவன் கேட்கவில்லை. மானேஜரும் அதைச் சொல்லாமல் இருந்தார். அந்த அளவுக்கு அன்று மரியாதை கிடைத்தது.

பன்னிரண்டு வருஷம் அவரோடு இதே கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? கறுத்த, ஒல்லியான மனிதர். சக்கரத்தைச் சுற்றும்போது உதடு அசையும், எண்ணிக்கொண்டிருப்பார். இடி இடித்தால் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விடுவார். முத்திரை போட்ட கடிதம் எது வந்தாலும், யாருக்கு வந்தாலும், முதலில் அவர் முகம்தான் வெளுக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் பிறந்த சாதியை நினைத்து என்னைச் 'சின்னையா' என்றே அழைத்தார். வேண்டாம் என்று பலமுறை சொன்னேன். "வாயி பழகிட்டு. அதத் திருத்த இன்னொரு பிறப்பு வேணும்" என்பார்.

அவருடைய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆற்றங்கரையில் நெல் விளைகிற ஊர். அவருடைய உறவினர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். முன்பு அவரும் அங்கிருந்தே தினமும் வேலைக்கு நடந்து வந்தார். நிலம் முழுவதும் ஒரு பண்ணையாருடையது. சேரிக் குடிசைகள் நிற்கிற மண்ணும் அவருடையதே. சேரியில் பிள்ளை பிறந்தால் தகப்பன் பண்ணை வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்று சொல்ல வேண்டும். காரியஸ்தர் வெளியே வந்து, என்ன பெயர் என்று கேட்பார். பிடித்தால் தலையசைப்பார். பிடிக்காவிட்டால் அவரே ஒன்று சொல்வார், அதுவே பெயர். 'சாமி' என்றோ 'லிங்கம்' என்றோ முடிகிற பெயர்கள் சேரிக்கு ஆகா. இதை எந்தச் சட்டத்திலும் பார்க்க முடியாது. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்பு இசக்கிமுத்துவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண். முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை வைப்பது நம் பக்கத்து வழக்கம். மாளிகையிலும் அதுதான், குடிசையிலும் அதுதான். இசக்கிமுத்துவின் தகப்பனார் பெயர் சங்கரலிங்கம். பண்ணையாருடைய தகப்பனார் பெயரும் சங்கரலிங்கம்.

கொல்லைப்புறத்தில் அவர் இந்தப் பெயரைச் சொன்னதும் காரியஸ்தர் சிரித்தாராம். "ஏலே, நாளைக்கு உன் பொண்டாட்டி வரப்புல நின்னுக்கிட்டு, 'ஏலே சங்கரலிங்கம், மூக்கத் துடைலே'ன்னு கூப்பிடுவா. எசமான் அதக் கேட்டுக்கிட்டு நடக்கணுமாக்கும்? சங்கன்னு வையி. உங்கப்பனை அப்படித்தான கூப்பிட்டோம்." இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அச்சுக்கூடத்துக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்.

நான் கொதித்தேன். கொதிப்பது எனக்குச் சுலபம். என் வீடு என் வீட்டார் மண்ணில் நிற்கிறது. நீர் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று தினமும் சொன்னேன். இறங்கக் கூடாது என்றேன். அவர் மனைவி பேச்சியும் அதையே சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவளுக்கு இழக்க வீடு இருந்தது. அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றல்ல.

பெயரைத் தகப்பன் வைக்க முடியாது. பதினாறாம் நாள் வீடு மெழுகி, பிள்ளையைக் குளிப்பாட்டி, அரைஞாண் கட்டி, சேலைத் தொட்டிலில் கிடத்துவார்கள். தகப்பனின் சகோதரி பிள்ளையின் நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டு வைத்து, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறுகாதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை வாயிலிருந்து வந்தால்தான் பெயர். அத்தை மாடத்தியின் புருஷன் பண்ணையில் உழுகிறவன். "நான் சொல்லமாட்டேன், அண்ணே. எங்க நாலு வயிறும் அங்கனதான் இருக்கு" என்று அவள் அழுதாள். சேரியின் மூப்பர் ஒரு வழி சொன்னார்: எல்லோரையும் கூட்டி வைத்து, இந்தப் பெயர் ஏன் என்று தாயும் தகப்பனும் சொல்லட்டும், கேட்ட பிறகு மாடத்தி மனசுப்படி செய்யட்டும்.

பேச வேண்டும் என்றதும் இசக்கிமுத்து என்னிடம் வந்தார். இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன். கொடுங்கோன்மை, அடிமைத்தளை, விழித்தெழுவோம் என்றெல்லாம் இருந்தது. வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல கோவம் பூரா உங்க கோவம், சின்னையா. பிள்ளை எம்பிள்ளை."

பதினாறாம் நாள் காலை நானும் போனேன். சேரியில் எனக்கு மட்டும் ஒரு பாய் விரித்தார்கள். பேச்சி பிள்ளையோடு தொட்டிலருகே இருந்தாள். மாடத்தி கையில் வெற்றிலை ஏற்கெனவே கசங்கியிருந்தது. இசக்கிமுத்து எழுந்த நேரத்தில் வேலிப் படலுக்கு அப்பால் குடை தெரிந்தது. காரியஸ்தர். பின்னால் இரண்டு ஆட்கள், கம்போடு. உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "நீரும் இங்கனதான் இருக்கீரா வே? நல்ல சகவாசம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்து, "பிரசங்கமாமே. பண்ணுலே, கேப்போம்" என்றார்.

அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு பேச்சு வந்தது.

"எங்க ஆத்தாவுக்கு, எங்கப்பனைப் பெத்தவளுக்கு, ரெண்டு பிள்ளை தங்கல. ஆடித் தவசுக்குச் சங்கரன்கோயில் போனா. நடந்தே போனா. உள்ள விடமாட்டாக. கோபுரத்துக்கு எதுக்க, தெருவுல நின்னு, ஒண்ணு தங்குனா உம்பேரை வைக்கேன்னு சொன்னா. எங்கப்பன் தங்கிச்சு. அவ வச்ச பேரு சங்கரலிங்கம். எசமான் வீட்டுல பார்த்து வைக்கல. அந்த வீடு இருக்க ஊரையே அவ அப்பப் பார்க்கல. கல்யாணம் முடிஞ்ச பொறவுதான் எங்கப்பன் இங்கன வந்தது."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். காரியஸ்தர் குடையை மடக்கினார்.

"எங்கப்பனுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்கே தெரியாது. சங்கான்னு கூப்பிட்டா ஓடும். அது பேருன்னு நெனச்சேன். அது பேரு இல்ல, மாட்டைக் கூப்பிடுத சத்தம். செத்த அன்னைக்குத்தான் எங்கம்மா முழுசாச் சொல்லி அழுதா. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து சாகுத வரைக்கும் ஒரு மனுசன் தன் பேரை யாரு வாயிலயும் கேக்கல."

இந்த இடத்தில் அவருடைய முழங்கால்கள் ஆடுவதை நான் கண்டேன். வேட்டி நடுங்கியது. பந்தற்காலைப் பிடிக்கக் கையை நீட்டினார், எட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காரியஸ்தர் நிற்கிறார், எதிரே இவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஊரில் அப்படி ஒரு காட்சியை யாரும் கண்டதில்லை. எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழ முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே மிச்சத்தையும் சொன்னார்.

"மொதப் பிள்ளைக்கு அப்பன் பேரு. எசமான் வீட்டுலயும் அதான் வழக்கம். எசமானும் மூத்த மவனுக்கு அவுக அப்பா பேரைத்தான் வச்சிருக்காவ. நானும் அதைத்தான் செய்யுதேன். வேற ஒண்ணும் செய்யல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. மாடத்தி, நீ சொல்லு. சொல்லலன்னாலும் கோவமில்ல."

மாடத்தி தொட்டிலுக்குள் குனிந்தாள். வெற்றிலையைப் பிள்ளையின் இடக்காதில் வைத்தாள். மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொன்னது எனக்கே கேட்டது.

காரியஸ்தர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "என் முன்னால உக்காந்து பேசுதான்" என்றார். ஆட்களிடம் திரும்பி, "எல்லாரும் பார்த்தீகல்லா? உக்காந்து பேசுதான்" என்றார். போய்விட்டார். மறுநாள் தீர்ப்பு வந்தது: மூன்று நாளில் குடிசையைப் பிரிக்க வேண்டும். காரணம், மரியாதைக் குறைவு. பெயருக்காக அல்ல, கால் நடுங்கியதற்காக ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனது. மாடத்தி புருஷனுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், உழவு கிடைக்கவில்லை. அவர்கள் எதைத் தின்றார்கள் என்று நான் கேட்டதில்லை.

வண்ணார்பேட்டையில் ஆற்றோரம் ஓலை போட்டுக்கொண்டார்கள். அங்கே வந்த பிறகும் ஒரு வருஷம் வரை பேச்சி பிள்ளையை வெளியில் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டாள். யார் காதில் விழுமோ என்ற நினைப்பு. ஒருநாள் பிள்ளை தவழ்ந்து தண்ணீரை நோக்கிப் போனபோது, தன்னை மறந்து முழுப் பெயரையும் கத்தினாளாம். பிள்ளை திரும்பிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகே பகலில் அந்தப் பெயர் புழங்கியது.

உட்கார்ந்த கதை பரவியது. இசக்கிமுத்து காரியஸ்தருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டார் என்றுகூடச் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "பயம் வயித்தோட நிக்கும்னு நெனச்சேன். முட்டுக்கு எறங்கிட்டு. நிக்க முடிஞ்சா நின்னிருப்பேன், என் குடிசையும் நின்னிருக்கும்" என்பார். நேற்று அடக்கத்தின்போதும் ஒருவர் அவரைச் சிங்கம் என்றார். பேச்சி என் பக்கம் திரும்பி, "சிங்கமாம். அன்னைக்கு ராத்திரி பூரா என் கையை விடல அவுக" என்றாள். நான் எழுதுவது அவளுக்காகவும்தான். அவரைச் சிங்கமாக்குகிறவர்கள், பயப்படுகிற மனிதனுக்குப் பெயர் வைக்கும் உரிமை இல்லை என்று மறைமுகமாகச் சொல்கிறார்கள். பயந்தவனைப் பயமுறுத்தியவர்கள் யார் என்பதையும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. அது அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. ஊரை விட்டு வந்த சில மாதங்களுக்குப் பிறகு, மை துடைத்துக்கொண்டே கேட்டார்: "சின்னையா, அன்னைக்கு நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல? உங்களை அடிக்கமாட்டாகளே."

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "பயமாக இருந்தது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே ஆறுதலடைந்த முகம். "அப்படியா?" என்றார். "நான் மட்டுந்தான்னு இத்தனை நாளா நெனச்சிட்டேன்."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த முகம். அதில் மன்னிப்பு இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டிருந்தோம். ஒருவர் பேசினார்.